ஆணியில் தொங்கிய பேட்ஜுகள்

ஒரு நாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் என்று நினைத்து மம்சாபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பத்து வருடமாக அதே ஸ்டாண்டில், அதே நேரத்தில் பஸ் பிடிக்கிறவன் நான். வெயில் பஸ்ஸின் நெற்றியில் அடித்ததில், ஊர் எழுதியிருந்த பலகை வெள்ளைத் துணி கட்டியதுபோல் தெரிந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதுதான் தெரிந்தது.

“ஏண்ணே, மம்சாபுரத்துல பொண்ணு பாக்கப் போறீயளா? சொல்லாம வந்துட்டீயளே” என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. எப்போதும் தெரியாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

அன்றுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பே சில மாதங்களாக வெளிச்சம் எனக்கு எதிரியாக இருந்தது. நிழலில் எல்லாம் சரியாகத் தெரியும். வீட்டு விளக்கில் மனைவி அரிசியில் விட்ட கல்லைக்கூட எடுத்துப் போடுவேன். வெயிலில் வந்தால், எதிரே வருகிற முகம் கரைந்துபோகும். நாற்பத்தாறு வயதுக்கு இதெல்லாம் வருவதுதான், கண்ணாடி போட்டால் சரியாகும் என்று இருந்துவிட்டேன்.

எனக்கு வேலை ராஜபாளையத்தில் ஒரு தனியார் இருதய ஆஸ்பத்திரியில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன், வார்டில் தள்ளுவண்டி தள்ளச் சேர்ந்தேன். பிறகு கேத் லேப் திறந்தபோது என்னை அங்கே ஹெல்பராகப் போட்டார்கள். கேத் லேப் என்றால், மணிக்கட்டிலோ தொடையிலோ ஊசி போட்டு, மெல்லிய குழாயை இருதயம்வரை செலுத்தி, அடைப்பைப் பார்த்து ஸ்டென்ட் வைக்கிற அறை. குழாய் எங்கே போகிறது என்று பார்க்க எக்ஸ்ரே வேண்டும். ஒரு படம் எடுத்து நிறுத்துகிற எக்ஸ்ரே இல்லை. டாக்டர் காலடியில் இருக்கிற பெடலை மிதிக்கிற நேரமெல்லாம் கதிர் ஓடிக்கொண்டிருக்கும்.

கதிர் மேஜைக்கு அடியிலிருந்து மேலே போகும். அது நோயாளியின் உடம்பில் பட்டு நாலா பக்கமும் சிதறும். எங்கள்மேல் படுவது அந்தச் சிதறல்தான். அதற்காக ஈய ஏப்ரன் போட்டுக்கொள்வோம், கழுத்துக்கு ஒரு பட்டை. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. டாக்டரிடம் மட்டும் ஈயக் கண்ணாடி ஒரு ஜோடி இருந்தது. கூரையிலிருந்து தொங்குகிற ஈயக் கண்ணாடித் தடுப்பு ஒன்று உண்டு. அதை டாக்டர் தன் முகத்துக்கு நேராக இழுத்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கிற சிஸ்டர் அதன் ஓரத்துக்கு வெளியே நிற்பார். நான் தலைமாட்டில் நிற்பேன், தடுப்பே இல்லாத இடத்தில்.

தலைமாட்டில் நிற்பது என் வேலை இல்லை. அது ஒரு பழக்கமாக வந்தது. வ. புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு விவசாயி மேஜையில் படுத்ததும் நடுங்க ஆரம்பித்தார். குழாய் உள்ளே இருக்கும்போது அசையக் கூடாது. நான் போய் அவர் தோளில் கை வைத்து, செத்த நேரம் மேலே பாத்துக்கிட்டுக் கிடங்க, நான் இங்கதான் இருக்கேன் என்று காதுக்குப் பக்கத்தில் சொன்னேன். மனிதர் அடங்கிவிட்டார். அதற்குப் பிறகு டாக்டர், பயப்படுகிற நோயாளி வந்தால் என்னைக் கூப்பிடுவார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத எனக்கு, படுத்திருக்கிற ஒருவரின் காதில் பேசுவது எளிதாக இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. குனிந்து, நோயாளியின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் என் முகத்தை வைத்துக்கொண்டு பத்து வருடம் நின்றிருக்கிறேன்.

இப்போது பேட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பேட்ஜ் உண்டு. உள்ளே இருக்கிற அட்டை, பட்ட கதிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏப்ரனுக்கு அடியில் நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்து, அளந்து சொல்கிற இடத்துக்கு அனுப்புவோம். யாருக்கு எவ்வளவு பட்டது என்று தாள் வரும். கூடவே பெயர் இல்லாத ஒரு பேட்ஜும் இருக்கும். அதைக் கதிர் இல்லாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். எங்கும் இயல்பாக இருக்கிற கொஞ்சம் கதிர் அதில் பதியும், அதைக் கழித்துத்தான் மற்றவர்களின் கணக்கைச் சொல்வார்கள்.

லேப் திறந்த இரண்டாம் வருடம் என் பேட்ஜ் சட்டைப்பையோடு சலவைக்குப் போய், வெந்நீரில் வெந்து, வீங்கித் திரும்பி வந்தது. மேனேஜர் விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். அவர் அதை ஆபீஸில் எல்லார் முன்னாலும் வாசித்தார். என் எழுத்தில் இருந்த தப்புகளை எப்படி எழுதியிருந்தேனோ அப்படியே வாசித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

இனி ஒரு பேட்ஜும் தொலையக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன். பழைய கட்டில் பலகை ஒன்றை எடுத்து, ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணிக்கும் மேலே பெயர் எழுதி, ஸ்டோர் ரூமில் மாட்டினேன். டாக்டர், டெக்னீஷியன், சிஸ்டர்கள், நான், கடைசியில் பெயர் இல்லாத பேட்ஜ். காலையில் எடுத்துக் குத்திக்கொண்டு சாயங்காலம் திரும்ப மாட்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அவசரக் கேஸ் வரும் நாளில் யார் ஸ்டோர் ரூமுக்கு ஓடுவார்கள்? முதலில் ஒரு நாள் எடுக்கவில்லை, பிறகு ஒரு வாரம். ஒன்றும் ஆகவில்லை. பேட்ஜுகள் ஆணியிலேயே இருந்தன. புதிதாகச் சேர்கிறவர்களிடமும் நான்தான் சொன்னேன், அங்கயே இருக்கட்டும், அதுதான் பத்திரம் என்று. தாள் வரும்போதெல்லாம் எல்லாருக்கும் சைபர். டெக்னீஷியன் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைப்பார். அவர்தான் எங்கள் லேபில் கதிர்ப் பாதுகாப்புக்குப் பொறுப்பு. அவர் மறு அறையில் ஈயச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்.

அதிக எண் வந்தால் விசாரணை வரும், வேலையை நிறுத்தச் சொல்வார்கள் என்று எல்லாருக்கும் பயம் இருந்தது. சைபர் என்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை. எட்டு வருடம் இப்படிப் போனது.

எனக்குக் கண்ணில் என்ன என்று தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவுக்கு அடுத்த சர்ச்சில், பூசை முடிந்த பிறகு கண் முகாம் வைத்திருந்தார்கள். பஸ் மாறி ஏறிய கதையைக் கேட்டதிலிருந்து என் மனைவி விடவில்லை. சொட்டு மருந்து விட்டு, ஒரு கருவிக்கு முன்னால் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார் ஒரு பெண் டாக்டர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். இரண்டு தடவை பார்த்தார்.

சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. மூச்சு இரைப்புக்கோ தோலுக்கோ ரொம்ப நாள் மருந்து சாப்பிட்டேனா? இல்லை. கண்ணில் அடி? இல்லை. வெல்டிங் பட்டறையா? இல்லை, ஆஸ்பத்திரியில் ஹெல்பர் என்றேன். அவர் எழுதிக்கொண்டே, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று கேட்டார். கேத் லேப் என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“எத்தனை வருஷமா நிக்கிறீங்க?”

“பத்து.”

“கண்ணுக்கு ஈயக் கண்ணாடி?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் ஒரு தாளில் கண்ணை வரைந்து காட்டினார். லென்சின் பின்பக்கத்தில், நடு மையத்தில் புரை இருக்கிறதாம், இரண்டு கண்ணிலும். வயதில் வருகிற புரை பெரும்பாலும் இப்படித் தொடங்குவதில்லை. வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும்போது பார்வை முழுக்க அந்த மையம் வழியாகத்தான் போக வேண்டும், அதனால்தான் வெயிலில் தெரியவில்லை என்றார். சர்க்கரையிலும் சில மருந்துகளிலும் இந்த இடத்தில் வரும், கதிரிலும் வரும். உங்களுக்கு எதனால் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது, உங்கள் பேட்ஜ் கணக்கைக் கொண்டுவாருங்கள் பார்க்கலாம் என்றார்.

“அது எல்லாம் சைபர்ங்க” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “சைபரா? பத்து வருஷம் தலைமாட்டுல நின்னவருக்கு சைபர் எப்படிங்க வரும்?”

மருந்து விட்ட கண்ணோடு வெளியே வந்தேன். சர்ச் வாசலில் வெயில் ஒரு சுவர்போல நின்றது. மனைவி கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவள் என்னவோ கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குள் அந்தப் பலகை மட்டும்தான் இருந்தது. என் பெயர் இருந்த ஆணி நினைவுக்கு வரவில்லை. அதற்கு முந்தின ஆணிதான் வந்தது.

அது சிஸ்டருடைய ஆணி. டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கம்பியும் குழாயும் எடுத்துக் கொடுக்கிறவர். ஆறு வருடம் முன்பு சேர்ந்தார், வயது முப்பத்து மூன்று, ஒரு மகன் இருக்கிறான். ஆறேழு மாதம் முன்பு அவர் ஆபீஸுக்குப் போய், எங்களுக்கும் கண்ணுக்கு ஈயக் கண்ணாடி வேண்டும் என்று கேட்டிருந்தார். மேனேஜர் கோப்பை எடுத்து, வருடம் வருடமாகத் தாளைப் புரட்டிக் காட்டி அனுப்பிவிட்டார். எல்லாருக்கும் சைபர், எதற்குக் கண்ணாடி என்று கேட்டாராம். சிஸ்டர் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போது நான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துடைத்து முடித்துவிட்டு ஈரத் துணியைப் பிழிந்தேன்.

திங்கட்கிழமை ஐந்து கேஸ். சிஸ்டர் நிற்கிற இடத்தை அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். டாக்டர் எக்ஸ்ரே மிஷினின் கையை ஒரு பக்கம் சாய்க்கிறார். கதிர் கிளம்புகிற எக்ஸ்ரே குழாய் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம்தான் சிதறல் அதிகம். சில கோணங்களில் அது டாக்டரும் சிஸ்டரும் நிற்கிற பக்கம் வரும், சில கோணங்களில் என் பக்கம் வரும். படம் பதிவு செய்யும்போது கதிர் இன்னும் பலமடங்கு கூடும். சிஸ்டர் மானிட்டரைப் பார்ப்பதற்காக முகத்தைத் திருப்பியபோது, அவருடைய இடது கண் நோயாளிப் பக்கம் இருந்தது. பெடல் மிதிபட்டது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேஸெல்லாம் முடிந்து, மறு அறையில் டாக்டரும் டெக்னீஷியனும் சிஸ்டரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். டம்ளர் எடுக்க வந்தவன் என்று நினைத்திருப்பார்கள். மூன்று டம்ளரும் காலியாகும்வரை நின்றேன்.

கண் முகாமில் சொன்னதை முதலில் சொன்னேன். டாக்டர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். சின்ன ஆபரேஷன்தான்யா, மதுரைல நமக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாரும் என்மேல் இரக்கமாக இருந்தார்கள்.

“அந்த சைபரு நெசமில்ல சார்” என்றேன். “பேட்ஜு ஒண்ணும் ரூமுக்குள்ள வந்ததே இல்ல. எல்லாம் ஸ்டோர்ல, ஆணியிலதான் கெடக்கு. நான்தான் அப்படி வச்சேன். பொறவு அதுவே பழகிப்போச்சு.”

இது அவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவரவர் பேட்ஜ் அவரவர் நெஞ்சில் இல்லை என்பது அவரவருக்குத் தெரியும். ஆனால் அடுத்தவர் பேட்ஜ் எங்கே என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. எல்லாருடையதும், கழித்துப் பார்ப்பதற்காக இருக்கிற பேட்ஜோடு ஒரே பலகையில், எட்டு வருடம் தொங்கியது என்று சேர்த்துக் கேட்டது அன்றுதான்.

டெக்னீஷியன்தான் முதலில் பேசினார். “அண்ணாச்சி, தாள்ல இருக்கது என் கையெழுத்துலா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முகம் வெளுத்திருந்தது.

சிஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப அந்த சைபரு பலகைக்கு வந்ததுண்ணே. எனக்கு வந்ததில்லையே” என்றார். பிறகு மெதுவாக, “அதைக் காட்டித்தான என்னை அனுப்பிச்சாங்க” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எழுந்து கை கழுவப் போனார். தண்ணீர் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து தன் ஈயக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நானும் ஒரு நாள் கேக்கலையேய்யா என்று மட்டும் சொன்னார். அன்று அவர்தான் எங்களுக்கு விளக்கினார். உடம்பில் படுகிற கதிரை மில்லி சீவர்ட் என்றுதான் அளப்பார்களாம்; கண்ணின் லென்சுக்கு முன்பெல்லாம் வருடத்துக்கு நூற்றைம்பதுவரை போகலாம் என்று உலக அளவில் வைத்திருந்தார்களாம். நினைத்ததைவிடக் குறைந்த கதிரிலேயே புரை வருகிறது என்று தெரிந்த பிறகு, ஐந்து வருட சராசரியாக வருடத்துக்கு இருபது என்று இறக்கிவிட்டார்கள். எந்த ஒரு வருடத்திலும் ஐம்பதைத் தாண்டக் கூடாது. இன்னொன்றும் சொன்னார். பேட்ஜை ஒழுங்காகக் குத்தியிருந்தால்கூட, அது ஈயத்துக்கு அடியில் இருப்பதால் கண்ணுக்குப் பட்டதைச் சொல்லியிருக்காது. கண்ணுக்கு என்றால் கழுத்துக்குப் பக்கத்தில், ஏப்ரனுக்கு வெளியே, இன்னொரு பேட்ஜ் வேண்டும்.

அதைக் கேட்டதும் ஒரு நிமிடம் எனக்கு மூச்சு வந்தது. அப்படியானால் என் பலகையால் மட்டும் இல்லையே என்று நினைத்தேன். டெக்னீஷியன் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உள்ளே போட்டிருந்தாலும் கொஞ்சம் காட்டியிருக்கும் அண்ணாச்சி, கொஞ்சம் காட்டியிருந்தா யாராவது ஏன்னு கேட்டிருப்பாங்க என்றார். அது சரிதான்.

மறுநாள் மேனேஜர் முன்னால் மறுபடியும் விளக்கம் எழுதினேன். இந்த முறையும் தப்பு இருந்திருக்கும். அவர் சத்தமாக வாசிக்கவில்லை. வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று நினைத்தேன். தூக்கவில்லை. பேட்ஜ் அனுப்புகிற இடத்துக்கு நடந்ததை எழுதினார்கள். பலகையைக் கழற்றினேன். வெயிலையே பார்க்காததால் அது மாட்டிய நாளில் இருந்ததுபோலவே இருந்தது. காலையில் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் நானே பேட்ஜைக் கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டு இரண்டு. ஒன்று உள்ளே, ஒன்று கழுத்தில். என்னைத் தலைமாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். பயப்படுகிறவர்களிடம் மிஷின் ஓடுவதற்கு முன்பே பேசிவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

ஈயக் கண்ணாடிக்குத் தாள் வரட்டும், பார்ப்போம் என்று மேனேஜர் சொன்னார். சிஸ்டர் அந்த மூன்று மாதமும் கண்ணாடி இல்லாமல், முன்பு நின்ற இடத்திலேயே நின்றார். டாக்டர் தன் கண்ணாடியைக் கொடுத்துப் பார்த்தார். அது அவர் பவருக்குச் செய்தது, சிஸ்டருக்குத் தலை சுற்றியது. கூரைத் தடுப்பை இரண்டு பேருக்கும் சேர்த்து நகர்த்தப் பார்த்தார், சில கோணங்களில் முடிந்தது, சிலதில் முடியவில்லை. இதற்கிடையில் எனக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆனது.

தாள் வந்தது. டெக்னீஷியன் பிரித்து, பார்த்து, மடித்து, மறுபடி பிரித்தார். சிஸ்டரின் கழுத்து பேட்ஜில் ஒன்பது.

“மூணு மாசத்துக்காண்ணே?” என்று சிஸ்டர் கேட்டார். அவர் ஆமாம் என்றார்.

யாரும் பெருக்கிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. வருடம் இருபது என்று டாக்டர் சொன்னது எல்லார் தலையிலும் இருந்தது. இருந்தும் சிஸ்டர் விரலை மடக்கினார். ஒன்பது, பதினெட்டு, இருபத்தேழு, முப்பத்தாறு. பிறகு வருடத்தை எண்ண ஆரம்பித்து, மூன்றாவது விரலில் நிறுத்திவிட்டார். அந்த வாரமே கண்ணாடிகள் வந்தன, பக்கவாட்டிலும் ஈயம் வைத்தவை. கேட்டபோது கிடைக்காதது ஒரு எண்ணுக்குக் கிடைத்தது.

நான் ஆபரேஷன் செய்த கண்ணைக் காட்ட மதுரைக்குப் போகிற நாளில், சிஸ்டரும் வருவதாகச் சொன்னார். வீட்டில் சும்மா செக்கப் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். பஸ் கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது, “ஒங்க கண்ணு இப்ப எப்படிண்ணே தெரியுது?” என்று கேட்டார். எல்லாம் கொஞ்சம் நீலமாகத் தெரிகிறது என்றேன்.

மதுரையில் அவர் உள்ளே போய் அரை மணி நேரம் ஆனது. வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மருந்து விட்டதில் கண்மணி முழுக்கக் கருப்பாக விரிந்திருந்தது. வலது கண் சுத்தமாக இருக்கிறதாம். இடது கண்ணில், பின்பக்கம், ஒரு புள்ளி. பார்வையை இன்னும் தொடவில்லை. கதிரால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வளருமா என்பதும் தெரியாது. இனிமேல் படுவதைத்தான் குறைக்க முடியும், பட்டதை எடுக்க முடியாது. வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். உள்ளே கண் டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், நோயாளியின் சொந்தக்காரர்களிடம் சொல்வதுபோல் என்னிடம் சொன்னார்.

அவர் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். மருந்தினால் எழுத்து தெரியவில்லை. என்னிடம் நீட்டினார். அவர் கணவர் அனுப்பியிருந்தார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். செக்கப் முடிந்ததா, என்ன சொன்னார்கள் என்று கேட்டிருந்தார்.

“ஒண்ணுமில்லன்னு போடுங்கண்ணே” என்றார்.

எனக்கு டைப் அடிக்க நேரமாகும். ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும். ‘ஒ’ வந்தது. அதற்கு மேல் விரல் போகவில்லை. எட்டு வருடம் தாளில் வந்த சைபர் எல்லாம் என் கையால் வந்தவை. இன்னொன்றை, அதுவும் இவருக்காக, என் விரலால் எப்படி அடிப்பது?

“அப்படிப் போட மாட்டேன் சிஸ்டர்” என்றேன்.

பத்து வருடத்தில் நான் யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அவர் அந்தப் பெரிய கருவிழியோடு என் பக்கம் திரும்பினார். என் முகம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. பக்கத்துப் பெஞ்சில் ஒரு நர்ஸ் யாருக்கோ கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். அவர் மூன்று பேருக்கு விட்டு முடித்த பிறகு சிஸ்டர் போன் பக்கம் குனிந்தார்.

“சரி. இருக்கதப் போடுங்க” என்றார்.

இடது கண்ணில் ஒரு புள்ளி இருக்கு, நேரில் வந்து சொல்கிறேன் என்று அடித்தேன். ‘புள்ளி’யில் ஒரு எழுத்து தப்பாகிவிட்டது. அழித்து மறுபடி அடித்தேன். வாசித்துக் காட்டினேன். அவர் தலையசைத்த பிறகு அனுப்பினேன்.